மோட்டார் சைக்கிளால விழுந்த பிறகு தம்பிக்கு எல்லாம் ரெண்டாத் தெரியுது, ஸ்கானில ஒண்டும் இல்லையாம்

கோண்டாவில்_அக்கா

எல்லாருக்கும் வணக்கம். என்ர தம்பிக்கு 24 வயசு. கொடிகாமத்துக்குக் கிட்ட ஏ9 வீதியில மாடு குறுக்கால வந்து, மோட்டார் சைக்கிளால விழுந்தவன். ஹெல்மெட் போட்டிருந்தவன், எண்டாலும் கொஞ்ச நேரம் நினைவில்லாமக் கிடந்தவன். சீ.ரி. ஸ்கான் எடுத்து, மூளையில இரத்தக்கசிவு இல்லை, எலும்பும் உடையேல்லை எண்டு வீட்டை விட்டிட்டினம். காயமெல்லாம் ஆறிட்டுது.

இப்ப பிரச்சினை கண்தான். நேரே தூரத்தைப் பாத்தா சமாளிக்கிறான். கீழ பாத்தா எல்லாம் ரெண்டு. படி இறங்கேக்க எந்தப் படி உண்மை எண்டு தெரியாமச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியில ஊத்துறான். ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு எழுதிறவன், கொப்பியைத் திறந்தா ஒரு வரி மற்ற வரிக்கு மேல ஏறி நிக்குதாம், அதுவும் சரிஞ்சு. கண்ணாடிக்கடையில பாத்தா, பார்வை நல்லாத்தான் இருக்கு, கண்ணாடி தேவையில்லை எண்டினம். ஸ்கானும் நல்லம், பார்வையும் நல்லம் எண்டா இது என்ன? சனம் அவன் வேலைக்குப் போகப் பஞ்சிப்பட்டுச் சொல்லுறான் எண்டு நினைக்குது. அதுதான் எனக்கு ஆகலும் வேதனை.

மானிப்பாய்_ரூபன்

அக்கா பயப்பிடாதைங்கோ. இது கண் தசை பலவீனம். என்ர மச்சானுக்கும் பந்து தலையில அடிச்ச பிறகு வாசிக்கேக்க எழுத்து ரெண்டாத் தெரிஞ்சது. பென்சிலைக் கை நீட்டத்தில பிடிச்சு, நுனியைப் பாத்துக்கொண்டே மெதுவா மூக்குக்குக் கிட்டக் கொண்டு வரவேணும். ரெண்டாப் பிரியிற இடத்தில நிப்பாட்டி, ஒண்டாக்கப் பாக்க வேணும். காலமையும் பின்னேரமும் செய்தவர், ரெண்டு மூண்டு மாதத்தில நல்லா வாசிச்சார். உங்கட தம்பியும் செய்யட்டும். சத்திரசிகிச்சை அது இது எண்டு ஓடத் தேவையில்லை.

ராசா_வாத்தியார்

பிள்ளை, முதலில் தம்பியின் சீனி அளவைச் சோதியுங்கள். எனக்கும் இப்படித்தான் ஒருநாள் காலையில் எழும்ப, வீதியில் வந்த பஸ் இரண்டாகத் தெரிந்தது. சலரோகத்தால் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு தளர்ந்துவிட்டது என்றார்கள். சீனியைக் கட்டுப்படுத்த, சில மாதத்தில் தானாகவே சரிவந்தது. சோற்றைக் குறைத்துக் குரக்கன் பிட்டு கொடுங்கள்.

பழைய_கிளினிக்

தங்கச்சி, நான் கண் கிளினிக்கில் மாறுகண், இரட்டைப் பார்வை அளவெடுக்கும் வேலையில் பல காலம் இருந்தவள், இப்போது ஓய்வு. இதைத் திரையில் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் நல்ல துப்புகள் இருக்கின்றன. சில கேள்விகள் கேட்கிறேன், வீட்டில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, ஏதாவது ஒரு கண்ணைப் பொத்தினால் இரட்டை போகிறதா? எந்தக் கண்ணைப் பொத்தினாலும் போகிறதென்றால், ஒவ்வொரு கண்ணும் தனியாக நன்றாகப் பார்க்கிறது, இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு கண்ணைப் பொத்திய பிறகும் இரண்டாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் திறந்திருக்கும் கண்ணுக்குள்ளேயே, வில்லையிலோ கருவிழியிலோ இருக்கும். அது வேறு வழி.

இரண்டு, ஒரு ஈர்க்கையோ பேனையையோ கிடையாக முன்னால் பிடித்துக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள். இரண்டாகத் தெரியும் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவா, மேலும் கீழுமாகவா? கீழ்க்கோடு சரிந்து நிற்கிறதா? சரிந்தால் இரண்டும் எந்தப் பக்கம் நெருங்கி வருகின்றன?

மூன்று, அவர் அறியாமலே தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருக்கிறாரா? பழைய படங்களையும் பாருங்கள். பள்ளிக்கூடப் படத்திலும் தலை சாய்ந்திருந்தால் கதை மாறும்.

இதற்கிடையில் இமை கீழே விழுந்தாலோ, ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாக நின்றாலோ, வாந்தியும் தலையிடியும் கூடினாலோ, மயக்கமாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, இந்தச் சோதனைகளை விட்டுவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும்.

கோண்டாவில்_அக்கா

அக்கா, கேட்ட உடனே பாத்தனான். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் ஒண்டாத்தான் தெரியுது. ஈர்க்குக் கோடு மேலயும் கீழயும். கீழ்க்கோடு சரிவு, வலப்பக்கம் ரெண்டும் கிட்ட வருதாம்.

தலை! நீங்கள் சொன்ன பிறகுதான் கவனிச்சனான். இடப்பக்கத் தோளுக்குச் சாய்ச்சுத்தான் இருக்கிறான். கழுத்து நோகுது எண்டு சொன்னவன், நாங்கள் விழுந்த நோ எண்டு எண்ணெய் போட்டுத் தேய்ச்சம். ஓ.எல். வகுப்புப் படத்திலயும் கலியாண வீட்டுப் படங்களிலயும் தலை நேராத்தான் இருக்கு. இமையும் கருமணியும் ரெண்டு கண்ணிலயும் ஒரே மாதிரி.

பழைய_கிளினிக்

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். இது வலக் கண்ணின் நான்காம் மண்டை நரம்பைத்தான் காட்டுகிறது. கிளினிக்கில் அளந்து உறுதி செய்ய வேண்டும்.

மூளையிலிருந்து கண்ணுக்குப் போகும் நரம்புகளில் இது மிக மெல்லியது. மூளைத்தண்டின் பின்பக்கத்தால் வெளிவந்து, சுற்றிக்கொண்டு முன்னால் வருவதால் மண்டைக்குள் நீண்ட தூரம் ஓடுகிறது. தலை அடிபட்டு மூளை உள்ளே குலுங்கும்போது இந்த நூல் இழுபட்டுப்போகும். எலும்பு உடையவும் வேண்டாம், இரத்தம் கசியவும் வேண்டாம். சீ.ரி. ஸ்கான் இரத்தத்தையும் எலும்பையும் பார்க்கத்தான் எடுத்தது. இழுபட்ட மெல்லிய நரம்பு அதில் தெரியாது. ஸ்கானில் ஒன்றும் இல்லை என்பதும், தம்பிக்கு இரண்டாகத் தெரிகிறது என்பதும் இரண்டும் உண்மை. அவர் பஞ்சிப்படவில்லை என்று சொல்லுங்கள்.

இந்த நரம்பு இயக்குவது ஒரே ஒரு தசையை. கண் மூக்குப் பக்கம் திரும்பி நிற்கும்போது அதைக் கீழே இறக்குவதும், கண்ணை உள்நோக்கிச் சுழற்றிப் பிடிப்பதும் அதன் வேலை. படி இறங்க, வாசிக்க, சோறு குழைக்க நாங்கள் கண்ணை வைத்திருப்பது அந்த நிலையில்தான். அதனால்தான் தூரம் பரவாயில்லை, கொப்பி முடியவில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்தால் வலக் கண் உள்நோக்கிச் சுழலத் தேவையில்லை, இரட்டை குறையும். உடம்பு தானாகவே வழி கண்டுபிடித்திருக்கிறது, அதற்கு விலையாகத்தான் கழுத்து நோ. இனித் தேய்த்து நிமிர்த்த வேண்டாம்.

பள்ளிப் படத்தைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. பிறப்பிலேயே இந்தத் தசை பலவீனமாக இருந்து, தலையைச் சாய்த்தே சமாளித்து, அடிபட்ட பிறகு முதல் தடவையாக இரட்டை தெரிபவர்களும் இருக்கிறார்கள். படத்தில் தலை நேராக இருப்பதால் இது விபத்தோடு வந்ததாக இருக்க இடமுண்டு.

வாத்தியார் ஐயா, உங்களுக்கு வந்தது ஆறாம் நரம்பு. அதில் உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், தூரத்தில்தான் கூடத் தெரியும். சீனி பார்ப்பதில் பிழையில்லை, ஆனால் இங்கே காரணம் வீதியில் நடந்தது.

மானிப்பாய்_ரூபன்

அக்கா, நரம்பு எண்டாலும் கடைசியில தசைதானே வேலை செய்யிறது. கை உடைஞ்சவனுக்கே பயிற்சி குடுக்கினம். பென்சில் பயிற்சியால நட்டம் ஒண்டும் இல்லையே?

பழைய_கிளினிக்

தம்பி, உங்கள் மச்சானுக்கு அது சரியான வைத்தியம்தான். தலை அடிபட்ட பலருக்கு வாசிக்கும்போது இரண்டு கண்ணையும் உள்நோக்கிக் குவிக்கும் சக்தி குறைகிறது. விரலைக் கொண்டுவர, மூக்குக்கு 5, 6 சென்ரிமீற்றர் வரை ஒன்றாகத் தெரிய வேண்டியது, 10, 15 சென்ரிமீற்றரிலேயே பிரிந்துவிடும். எழுத்துகள் பக்கவாட்டில் பிரியும், மிதக்கும், கொஞ்சம் வாசிக்க நெற்றி வலிக்கும். அங்கே பயிற்சிக்கு இடம் இருக்கிறது, ஏனென்றால் உள்நோக்கிக் குவிக்கும் ஆற்றல் இயல்பிலேயே பெரியது, வளர்க்கலாம். அதையும் ஒருவர் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் கொடுத்தால் பலன் அதிகம்.

மேல்கீழ் விலகல் அப்படி இல்லை. சாதாரண மனிதருக்கு மேல்கீழாக ஒன்றுசேர்க்க முடிவது 3, 4 அலகு, அதாவது ஒரு மீற்றர் தூரத்தில் 3, 4 சென்ரிமீற்றர் விலகல் மட்டும்தான். அதைப் பயிற்சியால் பெரிதாக நீட்ட முடியாது. நரம்பு மீளும் வேகத்தையும் பென்சில் கூட்டாது. நட்டம் என்னவென்றால், மூன்று மாதம் பென்சிலோடு போய்விடும். அந்த மூன்று மாதமும் அளவெடுக்காமல், வாசிக்க வழி செய்யாமல் பிள்ளை வீட்டில் இருப்பார்.

தீவகத்தான்

இடையில புகுறதுக்கு மன்னிக்கோணும். எனக்கு ரெண்டாத் தெரியிறேல்லை, வெளிச்சம்தான் எதிரி. போன வருசம் லொறியில இருந்து பின்பக்கமா விழுந்தனான். அதுக்குப் பிறகு குறிகட்டுவான் இறங்குதுறையில நிக்கேலாது, கடல் மினுங்கிறது ஊசி மாதிரிக் குத்தும். வீட்டுக்குள்ள ரியூப் லைற்றும் ஏலாது. அதால வீட்டிலயும் கறுப்புக் கண்ணாடியோடதான் இருக்கிறன், யன்னலையும் மூடி வைச்சிருக்கிறன். ஆனா நாளுக்கு நாள் கூடுதே தவிரக் குறையேல்லை. இதுக்கும் நரம்போ?

சாவகச்சேரி_மது

அண்ணா, நான் பிசியோதெரபி செய்யிறன், தலை அடிபட்ட ஆக்களைப் பாக்கிறனான். நீங்கள் சொல்லுறது அடிக்கடி கேக்கிற கதை. இருட்டுக்குள்ள இருக்க இருக்கக் கண் இருட்டுக்குப் பழகிடும். பிறகு சாதாரண வெளிச்சமே தாங்கேலாது. வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுங்கோ, அது சரி. வீட்டுக்குள்ளதான் கழட்ட வேணும். ஒரே நாளில வேண்டாம். முதல் யன்னலைக் கொஞ்சம் திறவுங்கோ, கறுப்புக்குப் பதிலா விளிம்புத் தொப்பி போடுங்கோ. கழட்டி இருக்கிற நேரத்தைக் கிழமைக்குக் கிழமை கூட்டுங்கோ. போன் திரை அறை வெளிச்சத்தை விடப் பிரகாசமா இருக்கக்கூடாது. இளஞ்சிவப்புச் சாயம் போட்ட எஃப்.எல்.-41 எண்ட கண்ணாடி சிலருக்குக் கபாலக் குத்துக்கும் வெளிச்சக் கூச்சத்துக்கும் உதவுது. உள்ளுக்குப் போட அதுதான் கறுப்பை விட நல்லம்.

ஆனா ஒரு தடவை கண் வைத்தியரிட்டைக் காட்டுங்கோ. கண் சிவந்து, வெளிச்சத்தைப் பாக்க உள்ளுக்கு நோகுது எண்டா கண்ணுக்குள்ள அழற்சி இருக்கலாம். அதுக்குப் பழக்கிறது வைத்தியம் இல்லை, சொட்டு மருந்துதான்.

தீவகத்தான்

கண் சிவக்கிறேல்லை. தலையிடியோட வாந்தியும் வரும் சில நாள். கபாலக் குத்து எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. கிளினிக்கில கேக்கிறன் தங்கச்சி.

கோண்டாவில்_அக்கா

கண் கிளினிக்குக்குப் போட்டு வந்திட்டம். பழைய_கிளினிக் அக்கா சொன்னதுதான், வலக்கண் நாலாம் நரம்பு. ஒரு திரையில புள்ளி புள்ளியாக் காட்டி ரெண்டு கண்ணின்ர வரைபடம் கீறினவை. கொப்பியில எழுதினது: நேரே பாக்கேக்க 6, கீழ பாக்கேக்க 12, சரிவு 5 பாகை. வலத் தோளுக்குத் தலையைச் சாய்க்க விலகல் கூடுதாம். வெறும் கண்ணாடிச் சட்டத்தில வலப்பக்கம் கோடு கோடான பிளாஸ்ரிக் ஒண்டை ஒட்டித் தந்தவை, 6 எண்டு. நேர பாக்க ஒண்டாத் தெரியுது, தம்பி சிரிச்சான். ஆனா வீட்டை வந்து கொப்பியைத் திறந்தா திரும்பவும் ரெண்டு! சரியா ஒட்டேல்லையோ? ஏன் 12ஐத் தரேல்லை?

பழைய_கிளினிக்

சரியாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடு போட்ட பிளாஸ்ரிக் தாள் ஒரு பட்டகம், ஒளியை வளைத்து உருவத்தை நகர்த்துவது. ஒரு அலகுப் பட்டகம் 1 மீற்றர் தூரத்தில் உருவத்தை 1 சென்ரிமீற்றர் நகர்த்தும். நேரே 6 என்றால், ஒரு மீற்றரில் இரண்டு உருவமும் 6 சென்ரிமீற்றர் விலகி நிற்கின்றன. தாளில் உள்ள 6 அதைச் சேர்த்துவிட்டது. கொப்பி 40 சென்ரிமீற்றரில், கீழே. அங்கே விலகல் 12, அதாவது கொப்பியில் கிட்டத்தட்ட 5 சென்ரிமீற்றர். 6ஐக் கழித்தாலும் இரண்டரை சென்ரிமீற்றர் மிச்சம். அதுதான் ஒரு வரி சில வரி தள்ளி ஏறி நிற்பது. 12ஐ ஒட்டினால் கொப்பி சேரலாம், வீதி பிரிந்துவிடும். கண் பார்க்கும் திசைக்குத் திசை விலகல் மாறும் நோயில் ஒரு பட்டகம் ஒரு திசைக்குத்தான் பொருந்தும்.

அதனால் கண்ணைக் கொப்பிக்கு இறக்காமல் கொப்பியைக் கண்ணுக்கு ஏற்றுங்கள். சங்கீதக்காரர் நொட்டேசன் வைக்கும் தாங்கி இருக்கிறதே, அது போல ஒன்று, இல்லாவிட்டால் சாய்ந்த பலகை, கண் மட்டத்துக்கு. கணக்குக் கொப்பியும் போனும் அதில் நிற்கட்டும். நேரே பார்க்கும் நிலைக்குக் கொண்டு வந்துவிட்டால் அதே 6 அங்கேயும் பெருமளவு வேலை செய்யும். படி இறங்கும்போதும் அப்படியே: கண்ணைத் தாழ்த்தாமல் நாடியை நெஞ்சுக்குக் குனிந்து, முழுத் தலையையும் இறக்கிப் பார்க்க வேண்டும், கைபிடியோடு.

இன்னும் பிரிந்தால், வலப்பக்கக் கண்ணாடியின் கீழ்ப் பாதிக்கு மட்டும் மங்கலான ரேப் ஒட்டலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். கீழே பார்க்கும்போது வலக் கண்ணின் உருவம் மங்கி விடும். முழுக் கண்ணையும் கட்டுவதைவிட அது நல்லது. கண்ணைக் கட்டுவது நரம்பைக் குணமாக்காது, கெடுக்கவும் செய்யாது. ஆனால் தூர அளவு போய்விடும், தேத்தண்ணி மறுபடியும் வெளியே போகும்.

சரிவைப் பட்டகம் எதுவும் நிமிர்த்தாது. 5 பாகையை மூளை பொறுத்துக்கொள்ளும். 10ஐத் தாண்டியிருந்தால் இரண்டு பக்க நரம்பும் பாதிக்கப்பட்டதா என்று தேடியிருப்பார்கள்.

சாவகச்சேரி_மது

தாங்கி நல்ல யோசனை அக்கா. ஒண்டு மட்டும்: நாள் முழுக்கத் தலையைச் சாய்ச்சு வைச்சிருந்தா கழுத்துத் தசை இறுகிடும். பட்டகம் போட்ட நேரத்தில நேரா வைக்க முடியுதா எண்டு பாருங்கோ. முடிஞ்சா மெல்ல நேராக்கலாம்.

பழைய_கிளினிக்

முடிந்தால் சரி, மது. வலிந்து நேராக்கினால் இரட்டை திரும்ப வந்து, கண்ணாடியையே கழற்றி வைத்துவிடுவார். நான் கழுத்தை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

சாவகச்சேரி_மது

நான் பாத்த ஆக்களில கழுத்து நோவாலதான் வேலைக்குத் திரும்பாமப் போனவை. ரெண்டையும் சேர்த்துப் பாக்க வேணும் எண்டுதான் இப்பவும் நினைக்கிறன்.

மானிப்பாய்_ரூபன்

அப்ப இது எப்ப சுகம் வரும்? வாழ்நாள் முழுக்க ஸ்ரிக்கரோ?

பழைய_கிளினிக்

ஒரு பக்கம் மட்டும் என்றால் பலருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் முழுமையாகவோ ஓரளவோ மீளும். இரண்டு பக்கமும் என்றால் வாய்ப்புக் குறைவு. ஸ்ரிக்கரைத் தருவதே அதனால்தான்: அளவு குறையக் குறைய உரித்து 4, பிறகு 2 என்று மாற்றலாம். இப்போதே பட்டகத்தைக் கண்ணாடிக்குள் அரைத்துச் செய்தால் பணம் வீண்.

அளவு குறையாமல், பல மாதமாக ஒரே இடத்தில் நின்றால்தான் சத்திரசிகிச்சைப் பேச்சு. பொதுவாக ஆறு மாதத்துக்கு முன் செய்யமாட்டார்கள், சிலர் ஒரு வருடம் வரை பொறுப்பார்கள். மீண்டுகொண்டிருக்கும் கண்ணில் கை வைத்தால், நரம்பு முழுதாக மீண்ட பிறகு எதிர்ப்பக்கம் விலகிப்போகும். அந்தச் சத்திரசிகிச்சையும் நரம்பைத் தொடாது. கண் தசைகளின் இழுவையை மாற்றி, நேரேயும் வாசிக்கும் இடத்திலும் ஒன்றாக்குவதுதான் நோக்கம். ஓரங்களில் கொஞ்சம் இரட்டை மிஞ்சலாம்.

கோண்டாவில்_அக்கா

தாங்கி செய்தாச்சு. தச்சு வேலை செய்யிற மாமா பலகையை மேசையில பூட்டித் தந்தவர். தம்பி அதில வைச்சு ஒரு பக்கம் கணக்குப் பாத்தான், இடையில கண்ணை மூடி ஆறிப்போட்டு. பேனையால எழுதத்தான் கஷ்டம், கை தூக்கி எழுத வேண்டி இருக்கு. முதலாளி கொம்பியூட்டரில அடிக்கச் சொல்லுறார், திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தித் தாறன் எண்டவர்.

ரெண்டு கேள்வி மிச்சம். ஸ்ரிக்கர் போட்ட பிறகு வலக்கண் கொஞ்சம் புகைஞ்ச மாதிரித் தெரியுதாம், அது சரியோ? மற்றது, நேர ஒண்டாத் தெரியுது தானே, மோட்டார் சைக்கிள் எடுக்கலாமோ எண்டு அரிச்சுக்கொண்டு நிக்கிறான்.

பழைய_கிளினிக்

புகைச்சல் அந்தக் கோடுகளால்தான், அது ஸ்ரிக்கரின் குணம். கைவிரல் எண்ணெய் பட்டால் கூடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துளி சவர்க்காரம் போட்டு மென்மையாகக் கழுவுங்கள். துணியால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, கோடுகளுக்குள் கீறல் விழும். மஞ்சளித்தால் புதிது கேளுங்கள்.

மோட்டார் சைக்கிள் இப்போது வேண்டாம். வீதியில் நேரே மட்டும் பார்த்து ஓட முடியாது. குழி பார்க்கக் கீழே, திரும்பப் பக்கக் கண்ணாடிக்கு என்று கண் போகும் ஒவ்வொரு முறையும் விலகல் மாறும். இவருக்கு இடமும் கீழும் சேர்ந்த பக்கம்தான் ஆக மோசம், எங்கள் வீதியில் விளிம்பும் நாயும் சைக்கிளும் இருக்கும் பக்கமும் அதுதான். கண்ணாடியோடு எல்லாத் திசையிலும் அளந்து, வைத்தியர் எழுதித் தரும்வரை சாவியை நீங்கள் வைத்திருங்கள்.

தீவகத்தான்

அக்கா, நானும் அதே கிளினிக்குக்குத்தான் திகதி எடுத்திருக்கிறன். போகேக்க கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகலாமோ, இல்லாட்டிக் கழட்டிப்போட்டுப் போகவோ?

சாவகச்சேரி_மது

வெயிலுக்குப் போட்டுக்கொண்டு போங்கோ அண்ணா, உள்ளுக்குப் போய் இருந்த உடனே கழட்டுங்கோ. கூப்பிடும்வரை கண் அறை வெளிச்சத்துக்குப் பழக நேரம் வேணும். தலையிடி வந்த நாள், என்ன வெளிச்சத்தில தொடங்கினது, எவ்வளவு நேரம் நிண்டது எண்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்கோ. கபாலக் குத்தோ எண்டு அவை கேக்கிற கேள்வியில பாதிக்கு விடை அதில இருக்கும்.